அப்பாவுக்குச் சீரியஸ், மகனுக்கு மருத்துவ விடுப்பு

எண்பதுகளின் நடுவில் தாம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதலில் தபால் பிரிவு. எட்டு மாதம் கழித்து என்னைப் பணியமைப்புப் பிரிவில் உட்கார வைத்தார்கள். பதினெட்டு பேருடைய விடுப்புக் கணக்கும் என் மேசைக்கு வந்தது. மற்றவர்கள் அந்த இருக்கையை சனியன் பிடித்த சீட் என்பார்கள். எனக்கோ உள்ளூர ஒரே குஷி. அடுத்தவர் கடிதத்தைப் படிக்க அரசாங்கமே சம்பளம் கொடுக்கிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

விடுப்புக் கடிதங்களைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் எப்போதும் காய்ச்சல். கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல், ரேஷன் கடையில் நின்றாலும் காய்ச்சல். தீபாவளிக்கு மறுநாள் ஆறு பேருக்கு ஒரே நேரத்தில் கண்டது. பள்ளிக்கூடத்தில் 'காய்ச்சலால் அவதிப்படுவதால் ஒருநாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு' என்று எழுதப் பழகிய கை, சர்க்கார் உத்தியோகம் வந்த பிறகும் அதே வாக்கியத்தைத்தான் எழுதியது. இத்தனைக்கும் தற்செயல் விடுப்புக்கு, அதாவது சி.எல்.லுக்கு, காய்ச்சலே தேவையில்லை. சொந்த வேலை என்று ஒரு வரி எழுதினால் போதும். இதை எங்கள் பியூனிடம் ஒருநாள் சொன்னேன். அவர் இரும்புலியூர்க்காரர், என் அப்பா வயது.

"இன்னா மேடம் நீ, சொந்த வேலைன்னு எழ்தினா இன்னா வேலைன்னு கேப்பாங்கோ. காய்ச்சல்னு எழ்தினா எவனாவது தொட்டுப் பாக்கறானா?" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் விதிப்புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். படித்தால் அது வேறு உலகம். சி.எல். என்பது விதிப்படி விடுப்பே அல்லவாம். ஆள் வரவில்லை, ஆனாலும் பணியில் இருந்ததாகவே கணக்கு. வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள், டிசம்பர் முடிந்தால் மிச்சம் காலாவதி. நடுவில் வரும் ஞாயிறு அதில் கழியாது, ஆனால் ஞாயிறையும் சேர்த்து ஒரே மூச்சில் பத்து நாளுக்கு மேல் போகக் கூடாது. ஈட்டிய விடுப்பு, இ.எல்., உழைத்துச் சம்பாதித்தது. ஜனவரியில் பதினைந்து நாள், ஜூலையில் பதினைந்து நாள் என்று கணக்கில் ஏறும், சேர்த்து வைக்கலாம். ஆனால் நடுவில் வரும் ஞாயிறையும் பண்டிகையையும் அது விழுங்கிவிடும். மூன்றாவது மருத்துவ விடுப்பு. என் அண்ணன் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருந்தான், அவன் அதை சிக் லீவு என்பான். எங்களுக்கு எம்.எல். டாக்டர் சான்று வைக்க வேண்டும். திரும்பி வரும்போது வேலை பார்க்கத் தகுதி உண்டு என்று இன்னொரு சான்று வேண்டும். அதுதான் ஃபிட்னஸ்.

இவ்வளவு தெரிந்துகொண்டதும் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். யார் கேட்டாலும் உடனே பதில் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

எங்கள் தட்டச்சர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முடிச்சூரில் வயலைத் தூர்த்துப் போட்ட மனையில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஆறு வருஷ சர்வீஸ். அதிகம் பேச மாட்டார். மெஷின் மட்டும்தான் பேசும். மனைவிக்குத் தலைப்பிரசவம், மே மாதம் நாள் கொடுத்திருந்தார்கள், அவள் ஊருக்குப் போயிருந்தாள். அந்தப் பிரசவத்துக்காகவே அவர் இ.எல். நாட்களைத் தொடாமல் வைத்திருந்தார். பழையதெல்லாம் செலவானது போக இருபத்துமூன்று நாள். வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்து, "சிஸ்டர், இருபத்துமூணு இருக்குல்லா?" என்று கேட்டுவிட்டுப் போவார். இருக்கு சார், யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை என்பேன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கிளம்பும் நேரத்தில், கையில் ஒரு தந்தியோடு என் மேசைக்கு வந்தார். அப்பாவுக்கு உடம்பு மோசம், உடனே புறப்படு என்று ஊரிலிருந்து வந்திருந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் சி.எல். எழுதிக் கொடுத்தார்.

"மூணு நாள்ல வர முடியலைன்னா என்ன செய்ய?" என்று கேட்டார்.

இங்கேதான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். "தந்தி குடுங்க சார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு மெடிக்கல் லீவு கேளுங்க. எம்.எல். உங்க கணக்குல எக்கச்சக்கமா இருக்கு. இ.எல்.ல கை வைக்காதீங்க. மே மாசத்துக்கு வேணுமில்ல?"

அவர் என்னை நன்றியோடு பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

புதன்கிழமை தந்தி வந்தது. அப்பாவுக்குச் சீரியஸ், மெடிக்கல் லீவு பத்து நாள் நீட்டிக்கவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் கண்காணிப்பாளர், எல்லோரும் சூப்பிரண்டு என்போம், அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சீரியஸ் அப்பாவுக்கு. மெடிக்கல் லீவு மகனுக்கா? யாரும்மா இந்த ஆளுக்குச் சொல்லிக் குடுத்தது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருத்துவ விடுப்பு தன் உடம்புக்கு மட்டும். அப்பா உடம்புக்கோ பிள்ளை உடம்புக்கோ கிடையாது. அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போனால் அது சொந்த வேலை, சி.எல். போட வேண்டும், இல்லை இ.எல். புத்தகத்தில் நான் எத்தனையோ தடவை பார்த்த வரி, அரசு ஊழியரின் நோய் என்று. அரசு ஊழியரின் அப்பா என்று எங்கேயும் இல்லை. நோய் என்ற சொல்லைப் பார்த்த என் கண் யாருடைய நோய் என்று பார்க்கவில்லை.

நான்தான் சொன்னேன் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குத் தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை, ஒரு மெமோ வந்தால் என்ன ஆகுமோ என்று பயம். வாயை மூடிக்கொண்டேன். சூப்பிரண்டு சொன்னபடி, மருத்துவச் சான்றை உடனே அனுப்பவும், தவறினால் விடுப்பு மறுக்கப்படும் என்று ஒரு குறிப்பாணையை என் கையாலேயே எழுதினேன். அது வியாழக்கிழமை பதிவுத் தபாலில் ஊருக்குப் போனது.

சனிக்கிழமை அடுத்த தந்தி. முந்தின நாள், வெள்ளிக்கிழமை, அப்பா காலமாகிவிட்டார், கருமாதி முடியும்வரை விடுப்பு வேண்டும். எந்த விடுப்பு என்று இந்தத் தந்தியில் இல்லை. சூப்பிரண்டு தந்தியை மடித்தார். பிறகு கோப்பில் வைக்கச் சொன்னார். கோப்பில் தலைப்பு மருத்துவ விடுப்பு என்றே இருந்தது. என் குறிப்பாணை இந்நேரம் எந்த ரயிலில் போய்க்கொண்டிருக்கிறது என்று யோசித்தேன். அது துக்க வீட்டு வாசலில் போய் இறங்கும், அவர் கையெழுத்துப் போட்டு வாங்குவார்.

தட்டச்சர் திரும்பி வந்தது நான்காவது வாரம் திங்கட்கிழமை. மொட்டைத் தலை. முகம் பாதியாக இருந்தது. நேரே வருகைப் பதிவேட்டுக்குப் போய்ப் பேனாவை எடுத்தார். சூப்பிரண்டு பதிவேட்டைக் கையால் மூடினார். கோபமாக இல்லை, சங்கடமாகத்தான் மூடினார்.

"ஃபிட்னஸ் கொண்டாந்தீங்களா?"

"எனக்கு ஒண்ணுமில்லையே சார். நல்லாத்தான் இருக்கேன்."

"அதை டாக்டர் சொல்லணும். பேப்பர்ல நீங்க மெடிக்கல் லீவுல இருக்கீங்க. சீக்காளியைச் சான்று இல்லாம சேத்துக்க முடியாது."

அப்பாவைத் தகனம் செய்து, இரண்டு நாள் முன்பு கருமாதி முடித்த மனிதர், தனக்கு நோய் இல்லை என்று நிரூபிக்க முடியாமல் பதிவேட்டின் முன்னால் நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் இப்படியும் ஒரு நிலைமை உண்டா என்று மனசின் ஒரு மூலை வேடிக்கை பார்த்ததையும் மறைக்க மாட்டேன்.

சூப்பிரண்டு கெட்டவர் இல்லை. அவரைத் தன் மேசைக்கு அழைத்து உட்கார வைத்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். "இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. ஸ்டேஷன் பக்கத்துல ஒரு டாக்டர். இருபது நாள் மஞ்சள் காமாலைன்னு ஒரு சான்று, இன்னியிலேர்ந்து ஃபிட்டுன்னு ஒரு சான்று. ஒரு மணி நேரத்துல வந்துடலாம். ஃபைல் சுத்தமாயிடும். உங்க இ.எல். இருபத்துமூணும் அப்படியே இருக்கும். மே மாசம் சம்சாரத்தோட ஒரு மாசம் இருந்துட்டு வரலாம்."

பியூனும் தன் பங்குக்கு வந்தார். "சார், நான் இட்டுகினு போறேன். சைக்கிள்ள குந்து. அந்த டாக்டரு இன்னா ஏதுன்னே கேக்க மாட்டாரு."

எல்லோரும் அவர் நன்மைக்குத்தான் சொன்னார்கள். நானும் மனசுக்குள், போய்விடுங்கள் சார், போய்விடுங்கள் என்றேன். அவர் போனால் என் தப்பும் அந்தக் காமாலையோடு போய்விடும்.

தட்டச்சர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "எங்கப்பா செத்த அன்னைக்கு நான் காமாலையில படுத்துக் கிடந்தேன்னு எழுதணுமா சார்? நான்லா கொள்ளி வச்சேன்."

பியூன் மெதுவாக வெளியே போய்விட்டார்.

விதிப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு பதிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அழவும் செய்தேன், படிக்கவும் செய்தேன். வழி இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். வழி இருந்தது. எம்.எல். வேண்டாம் என்றால் இ.எல். கேட்கலாம். ஆனால் சி.எல்.லோடு இ.எல். ஒட்டக் கூடாது. முதல் மூன்று நாள் சி.எல்., அதைத் தொடர்ந்து இ.எல். என்று போட முடியாது. ஆகவே முதல் திங்கட்கிழமையிலிருந்தே முழுவதும் இ.எல். ஆக வேண்டும். விரலை மடக்கி எண்ணினேன். திங்கள் முதல் கருமாதி நடந்த சனி வரை இருபது நாள். நடுவே இரண்டு ஞாயிறும் ஓர் இரண்டாம் சனியும், அவையும் கணக்கில் போகும். கடைசி ஞாயிறைப் பின்னால் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டால் அது மட்டும் தப்பிக்கும். இருபத்துமூன்றில் இருபது போனால் மூன்று. பிரசவத்துக்கு மூன்று நாள். ஜூலையில்தான் அடுத்த பதினைந்து ஏறும், குழந்தை அதுவரை காத்திருக்காது.

ஆனால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. முதல் மூன்று நாளும் இ.எல். ஆகிவிட்டால், கழித்த சி.எல். மூன்றும் அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். ஜனவரியில் இரண்டு எடுத்திருந்தார். ஏழு என்று இருந்தது பத்தாகும். இது சின்ன லாபம்தான், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு மூச்சு வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சூப்பிரண்டிடம் போனேன். "சார், மெடிக்கல் லீவு கேட்கச் சொன்னது நான்தான். தந்தியில அப்படி எழுதச் சொன்னதும் நான்தான். அவர் மேல தப்பில்லை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயாம்மா? இருபது நாளா எங்கே போயிருந்தே?"

"பயமா இருந்தது சார்."

நன்றாகத் திட்டினார். புத்தகம் படிச்சா போதுமா, யாருக்கு என்னன்னு புத்தி வேணாமா என்றார். வாங்கிக்கொண்டேன், ஒவ்வொன்றும் நியாயம். திட்டி முடித்ததும் நான் மடக்கிய கணக்கைக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி, குறிப்பு எழுதி வை. விவரம் தெரியாம தந்தியில தவறா குறிப்பிட்டுட்டார்னு போடு. உன் பேரை இழுக்காதே" என்றார்.

நான் அப்படி எழுதவில்லை. 'இப்பிரிவு உதவியாளரின் தவறான ஆலோசனையின்பேரில் மருத்துவ விடுப்பு எனக் குறிப்பிடப்பட்டது' என்று எழுதி வைத்தேன். அவர் படித்தார், பெருமூச்சு விட்டார், கையெழுத்துப் போட்டார். அதிகாரியும் போட்டார். எனக்கு மெமோ வரும் என்று ஒரு வாரம் தூங்காமல் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

விண்ணப்பத்தை அவரே தன் மெஷினில் அடித்தார். வழக்கமாக மழை கொட்டுகிற மாதிரி அடிப்பவர். 'என் தந்தையார் உடல்நலம் குன்றியிருந்ததாலும்' வரை ஓடியது. அடுத்த சொல்லில் நின்றுவிட்டது. அறையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்வதுபோல் இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வோர் எழுத்தாகச் சத்தம் கேட்டது. காகிதத்தை என்னிடம் கொண்டுவந்து வைத்தார். 'காலமாகிவிட்டதாலும்' என்று பிழையில்லாமல் இருந்தது.

"என்னாலதான் சார் இவ்வளவும்" என்றேன்.

"விடுங்க சிஸ்டர். நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மே மாதம் ஊருக்குப் போனார். இ.எல். மூன்றைத் தொட முடியாது, தொட்டால் சி.எல். ஒட்டாது. சி.எல்.லிலேயே போனார். ஓர் இரண்டாம் சனியும் ஞாயிறும் நடுவில் வருகிற மாதிரி நான்தான் தேதி பார்த்துக் கொடுத்தேன். எட்டு சி.எல்., மொத்தம் பத்து நாள், விதி அனுமதிக்கும் எல்லை. இந்தத் தடவை பதில் சொல்வதற்கு முன் புத்தகத்தை நான்கு தடவை பார்த்தேன். குழந்தை டாக்டர் சொன்ன நாளுக்கு வரவில்லை. பத்தாம் நாள் காலையில்தான் பிறந்தது. பெண். பார்த்துவிட்டு அன்றைக்கே ரயிலேறினார். ஒரு நாள் முன்னால் திரும்ப வேண்டியிருந்தால் பார்த்திருக்க மாட்டார். இருபத்துமூன்று நாளும் கையில் இருந்திருந்தால் கூடவே இருந்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்தேதான் நினைத்துக்கொள்கிறேன்.

ஜூன் மாதம் பணிப்பதிவேடு சரிபார்ப்பு நடந்தது. ஊழியர் ஒவ்வொருவரும் வந்து தன் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வந்தார். மொட்டையில் முடி வளர்ந்திருந்தது. விடுப்புப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். ஈட்டிய விடுப்பு, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இருபது நாள், மிச்சம் மூன்று. அவ்வளவுதான். அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"எதுக்கு எடுத்ததுன்னு எழுதலையா?"

"அதுக்குக் கட்டம் கிடையாது சார். எந்த விடுப்பு, எத்தனை நாள், அதுதான் ஏறும். காரணம் விண்ணப்பத்தோட சரி."

"விண்ணப்பம்?"

"கோப்புல இருக்கும். சில வருஷம் கழிச்சு அழிச்சுடுவாங்க."

அவர் தலையாட்டினார். முதல் தேதியின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே விரலை வரியின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். வெள்ளி என்றதும் விரல் நின்றது. அங்கே எழுத்து எதுவும் இல்லை, இரண்டு தேதிகளுக்கு நடுவே இருந்த வெற்றிடம்தான்.

"இங்க" என்றார் என்னிடம். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.